பிளாக் செய்தவர் மறுபடி வருவது எப்படி?

மின்னஞ்சலில் 'Block' என்ற பொத்தானை அழுத்தினால், அனுப்பியவருக்கு ஒன்றும் ஆவதில்லை. தன்னைத் தடுத்துவிட்டார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் அடுத்து அனுப்பும் மெயிலும் வழக்கம்போலப் புறப்பட்டு, வழக்கம்போல உங்கள் அஞ்சல் சேவையின் சர்வருக்கு வந்து சேரும். 'கிடைத்தது' என்று அந்த சர்வர் ஒப்புகையும் சொல்லிவிடும். பெரும்பாலான சேவைகளில் அதற்குப் பிறகுதான் உங்கள் தடைப்பட்டியல் வேலைக்கு வருகிறது. வந்த மெயிலில் இருக்கும் அனுப்புநர் முகவரியைப் பட்டியலில் உள்ள முகவரிகளோடு ஒப்பிடும். பொருந்தினால் மெயிலை இன்பாக்ஸில் வைக்காமல் வேறொரு இடத்தில் கொண்டுபோய்ப் போடும். அதன் வேலை அத்தோடு முடிந்தது.

தொலைபேசியில் ஓர் எண்ணைத் தடுத்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அங்கே தடுத்த எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிக்காது. மெயிலிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

வேண்டாத மெயிலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சர்வர் பெற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்ப வேண்டுமானால், அனுப்பியவர் எழுதிவைத்த முகவரிக்குத்தான் அனுப்ப முடியும். குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் அந்த இடத்தில் பெரும்பாலும் வேறு யாருடைய முகவரியையாவது போட்டிருப்பார்கள். திருப்பி அனுப்பிய குப்பை முழுவதும் ஒன்றும் அறியாத அந்த மூன்றாம் மனிதரின் பெட்டியில் போய்க் கொட்டும். ஒரு காலத்தில் அப்படி நடந்து பலர் அவதிப்பட்டதும் உண்டு. அதனால்தான் இன்று சேவைகள் சத்தமில்லாமல் ஒதுக்கி வைப்பதோடு நின்றுகொள்கின்றன.

ஒதுக்கி வைக்கும் இடம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. ஜிமெயிலில் தடுத்தவரின் மெயில் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். அங்கே 30 நாள் கிடந்து தானாக அழியும். அவுட்லுக்கில் 'Junk Email' என்ற பெட்டிக்குப் போகும். ஆகவே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு "தடுத்த ஆள் இங்கே இருக்கிறானே" என்று திகைக்கத் தேவையில்லை. அவன் இருக்க வேண்டிய இடம் அதுதான். அதேபோல, தடுப்பதற்கு முன்பே வந்து இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் பழைய மெயில்களைப் பல சேவைகள் தொடுவதில்லை. தேடும்போது அவை மேலே வந்து நின்றால் புதிதாக வந்ததுபோலத் தோன்றும். தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது ஆப்பிள் செய்திருக்கும் ஏற்பாடு. ஐபோனின் மெயில் செயலியில் ஒருவரைத் தடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு ஒன்று இருக்கிறது. மெயில் செயலிக்கான அமைப்புகளுக்குள் போனால் 'Blocked Sender Options' என்று இருக்கும். அதில் 'Leave in Inbox', 'Move to Trash' என்று தேர்வுகள் உண்டு. முதலாவதன் பொருள், தடுத்தவரின் மெயிலுக்கு ஓர் அடையாளம் மட்டும் போட்டு இன்பாக்ஸிலேயே விட்டுவிடு என்பது. நீங்கள் எதையும் மாற்றாத வரை பொதுவாகத் தேர்வாகி இருப்பது அதுதான். மேக் கணினியின் மெயில் செயலியிலும் இதே கதை. ஐபோனில் ஒருவரைத் தடுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் அது சொன்னபடியே வேலை செய்துகொண்டிருக்கிறது. 'Move to Trash' என்று மாற்றியவுடன் தொல்லை தீர்ந்துவிடும்.

இதெல்லாம் எளிய காரணங்கள். முகவரி பட்டியலில் இருக்கிறது, அமைப்பும் சரியாக இருக்கிறது, இருந்தும் அதே ஆள் இன்பாக்ஸிலேயே வந்து நிற்கிறான் என்றால்தான் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பெயர் ஒன்று, முகவரி வேறு

எளிதில் புரிவதற்காக ஒரு மாதிரி மெயிலை எடுத்துக்கொள்வோம். 'Easy Loan Desk' என்ற பெயரில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக ஒரு மெயில் வருகிறது. பெயரும் முகவரிகளும் கற்பனை. ஆனால் அமைப்பு நிஜ மெயில்களில் தினமும் காண்பதுதான். நீங்கள் அதைத் தடுக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து அதே 'Easy Loan Desk' மறுபடி வருகிறது. அதையும் தடுக்கிறீர்கள். மூன்றாவதும் வருகிறது.

கைபேசித் திரையில் மூன்று மெயில்களும் ஒரே ஆளிடமிருந்து வந்ததுபோலவே தெரியும். காரணம், கைபேசிச் செயலிகள் இடம் மிச்சம் பிடிக்க அனுப்புநரின் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. அந்தப் பெயர் அனுப்புகிறவர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொள்வது. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. உங்கள் வங்கியின் பெயரை வைத்துக்கொள்ளலாம், உங்கள் மேலாளரின் பெயரைக்கூட வைத்துக்கொள்ளலாம். தடைப்பட்டியலோ பெயரைப் பார்ப்பதே இல்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. நம் கண் ஒன்றைப் பார்த்துத் தடுக்கிறது, பட்டியல் வேறொன்றைக் குறித்துக்கொள்கிறது.

பெயரைத் தொட்டு விரித்துப் பார்த்தால் முதல் மெயில் offer24@m3.example.com என்ற முகவரியிலிருந்தும், இரண்டாவது offer25@m3.example.com என்பதிலிருந்தும், மூன்றாவது offer26 என்பதிலிருந்தும் வந்திருப்பது தெரியும். பட்டியலைப் பொறுத்தவரை இவர்கள் மூன்று தனித்தனி மனிதர்கள். ஓர் எண் மாறினாலும் ஆள் வேறுதான். @ குறிக்கு இடப்பக்கம் இருக்கும் பகுதியை மாற்ற அனுப்புகிறவருக்கு ஒரு பைசா செலவில்லை. மென்பொருள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். நீங்கள் ஆயுள் முழுக்கத் தடுத்துக்கொண்டே இருந்தாலும் எண்கள் தீரப்போவதில்லை.

ஆனால் @ குறிக்கு வலப்பக்கம் இருப்பதை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. அது டொமைன், காசு கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், நல்ல பெயரும் எடுக்க வேண்டும். நேற்றுப் பதிவான டொமைனிலிருந்து லட்சக்கணக்கில் மெயில் பறந்தால் பெரிய சேவைகள் உடனே சந்தேகப்படும். ஆகையால் எண் மட்டும் மாறி டொமைன் மாறாமல் வருகிற இந்த வகைக்கு, முகவரியைத் தடுப்பதைவிட டொமைனைத் தடுப்பதே பலன் தரும். அவுட்லுக்கின் தடைப்பட்டியலில் டொமைனை மட்டும் எழுதிச் சேர்க்க இடம் உண்டு. ஜிமெயிலின் 'Block' பொத்தான் முழு முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும். டொமைனைத் தடுக்க 'Filter' ஒன்று உருவாக்கி, 'From' கட்டத்தில் டொமைனை மட்டும் எழுத வேண்டும்.

இதில் ஒரு விபத்தும் காத்திருக்கிறது. தொல்லை கொடுப்பவர் gmail.com முகவரியிலிருந்து எழுதுகிறார் என்றால், டொமைனைத் தடுக்கிறேன் என்று அதைப் பட்டியலில் போட்டுவிட்டால், உங்கள் உறவினர்களில் முக்கால்வாசிப் பேரும் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுவார்கள். பல மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வரவில்லை என்று சண்டை வரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

உறைமேல் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

முகவரி அச்சுப் பிசகாமல் அதே முகவரிதான், பட்டியலிலும் இருக்கிறது, அப்படியும் வருகிறது என்பது அடுத்த வகை. அலுவலகங்களில் இது நிறைய.

"தம்பி, அந்தக் கடன் மெயிலை நிறுத்தச் சொன்னேனே?" என்று கணக்குப் பிரிவு மூத்தவர் கேட்பார்.

"சர்வர்லயே போட்டுத் தடுத்துட்டேன் சார். இனிமே வராது" என்பார் கணினி பார்த்துக்கொள்ளும் இளைஞர்.

மறுநாள் காலையில் வந்திருக்கும். இருவர் சொன்னதும் உண்மைதான்.

இதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் தபாலில் அனுப்பும் கடிதத்தில் உறையின் மேல் ஒரு அனுப்புநர் முகவரி இருக்கும். உள்ளே தாளின் தலைப்பிலும் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தபால்காரர் கேட்பதில்லை. மின்னஞ்சலும் அப்படியே வடிவமைக்கப்பட்டது. 1982-ல் வெளியான இரண்டு ஆவணங்கள் இந்த ஏற்பாட்டை எழுதிவைத்தன. சர்வருக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சை ஜான் போஸ்டல் எழுதிய ஆவணம் வரையறுத்தது. மெயிலின் உள்ளே தலைப்பு வரிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை டேவிட் க்ராக்கர் எழுதிய ஆவணம் வரையறுத்தது. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் வலையமைப்பு அது. இரண்டு இடத்திலும் என்ன எழுதினாலும் நம்பிக்கொண்டார்கள்.

உறைமேல் உள்ள முகவரியை அனுப்பும் சர்வர் பெறும் சர்வரிடம் சொல்லும். மெயில் போய்ச் சேரவில்லை என்றால் தகவல் எங்கே திரும்ப வேண்டும் என்பதற்காக அது. உங்கள் திரையில் தெரிவதோ உள்ளே இருக்கும் 'From' வரி. நம் மாதிரி மெயிலின் தலைப்புப் பகுதியை முழுதாக விரித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Return-Path: <b-7712-you=example.net@bounce.example.org>
From: "Easy Loan Desk" <offer26@m3.example.com>
Reply-To: <easyloandesk@example.net>
List-Unsubscribe: <https://example.org/u/7712>
```

முதல் வரியில் இருப்பதுதான் உறைமேல் இருந்த முகவரி. பெற்றுக்கொண்ட சர்வர் அதை மெயிலின் தலையில் ஒட்டிவைக்கிறது. கவனித்துப் பார்த்தால் அதற்குள்ளே பெறுநரின் முகவரியே பொதிந்திருக்கிறது. @ குறிக்குப் பதிலாக சமக்குறி இருக்கிறது, அவ்வளவுதான். ஏன் இப்படி என்றால், ஒரு லட்சம் பேருக்கு மெயில் அனுப்பும் நிறுவனத்துக்கு, அவற்றில் எந்த முகவரி செத்துப்போனது என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திரும்பு முகவரி போட்டுவிட்டால், திரும்பி வந்ததைப் பார்த்தே யாருடையது என்று கண்டுகொள்ளலாம். 1997-ல் டி. ஜே. பெர்ன்ஸ்டைன் என்ற கணித, கணினி அறிஞர் எழுதிவைத்த வழி இது. இன்று மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகளில் பெரும்பாலானவை இதையோ இதன் மாற்று வடிவத்தையோ பயன்படுத்துகின்றன. இதில் மோசடி எதுவும் இல்லை. உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையும் இப்படித்தான் வரக்கூடும்.

இப்போது அலுவலகத்து இளைஞரிடம் திரும்புவோம். மூத்தவர் தன் திரையில் பார்த்த offer26@m3.example.com என்ற முகவரியைச் சொன்னார். இளைஞர் அதை அப்படியே சர்வரின் தடைப்பட்டியலில் சேர்த்தார். அவர்கள் சர்வரில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். அதில் check_sender_access என்ற விதி ஒப்பிடுவது உறைமேல் உள்ள முகவரியை. உறைமேலோ offer26 என்ற சொல்லே கிடையாது. பட்டியல் நேர்மையாகத் தேடிப் பார்த்து, "இவர் தடுக்கப்பட்டவர் இல்லை" என்று விட்டுவிட்டது. மூத்தவரின் மேசைக் கணினியில் அவுட்லுக்கின் சொந்தத் தடைப்பட்டியலில் போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் 'From' வரியைப் பார்த்திருக்கும், அந்த ஒரு முகவரியைப் பிடித்தும் இருக்கும். Offer27-ஐ விட்டிருக்கும் என்பது வேறு.

அவர் செய்திருக்க வேண்டியது, 'Return-Path' வரியில் மாறாமல் வருகிற bounce.example.org என்ற பகுதியைத் தடுப்பது. அதையும் ஒருமுறை யோசித்துத்தான் செய்ய வேண்டும். அந்த டொமைன் கடன்காரருடையதாக இல்லாமல், பல நிறுவனங்களுக்காக மெயில் அனுப்பித் தரும் பொதுச் சேவையுடையதாக இருக்கலாம். அப்போது வேண்டிய மெயில்களும் சேர்ந்து நின்றுபோகும். அப்படிப்பட்ட நேரத்தில் போஸ்ட்ஃபிக்ஸிலேயே header_checks என்ற இன்னொரு வசதியைக் கொண்டு 'From' வரியில் m3.example.com இருந்தால் மறுத்துவிடு என்று எழுதுவது பாதுகாப்பானது.

இரட்டை முகவரியின் உச்சகட்டம், உங்கள் சொந்த முகவரியிலிருந்தே உங்களுக்கு வரும் மெயில். "உங்கள் கணினிக்குள் நுழைந்துவிட்டேன், பார், உன் முகவரியிலிருந்தே எழுதுகிறேன், பிட்காயின் அனுப்பு" என்று மிரட்டும் வகை 2018 வாக்கில் உலகமெங்கும் பரவியது. பெரும்பாலும் உள்ளே நுழைந்ததெல்லாம் பொய். 'From' வரியில் உங்கள் முகவரியை எழுதினார்கள், அவ்வளவுதான். பயந்துபோய்த் தன் முகவரியைத் தானே தடைப்பட்டியலில் சேர்க்க முயன்றவர்கள் உண்டு. அது வேண்டாம். நீங்களே உங்களுக்கு நினைவூட்டலாக அனுப்பிக்கொள்ளும் மெயில் குப்பைக்குப் போவதுதான் மிச்சமாகும்.

உறையும் உள்ளடக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறைகள் பின்னால் வந்தன. அவற்றில் கடைசியாக வந்த டிமார்க் என்ற முறை, திரையில் தெரியும் 'From' டொமைனின் சொந்தக்காரர்தான் இந்த மெயிலுக்கு ஒப்புதல் கொடுத்தாரா என்று சோதிக்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்கள் இதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டன. ஒரு நாளில் ஐந்தாயிரம் அல்லது அதற்கு மேல் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புகிறவரை மொத்த அனுப்புநர் என்று கூகுள் கணக்கிடுகிறது. சாதாரண வாசகருக்கு இதனால் என்ன பயன் என்றால், விளம்பர மெயிலில் தெரியும் டொமைன் முன்பைவிட நம்பத்தக்கதாகிவிட்டது. பொய் டொமைனைத் தடுத்து வீணாகும் வாய்ப்பு குறைந்திருக்கிறது.

பட்டியல் எங்கே குடியிருக்கிறது

மூன்றாவது காரணம் மெயிலில் இல்லை, நம் கருவிகளில் இருக்கிறது. வீட்டு மேசைக் கணினியில் பழைய அவுட்லுக் மென்பொருள், கைபேசியில் வேறொரு செயலி, இரண்டிலும் ஒரே கணக்கு என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். கணினியின் அவுட்லுக்கில் ஒருவரைத் தடுக்கிறார்கள். கணக்கு ஐமேப் முறையில் இணைந்திருந்தால் அந்தத் தடைப்பட்டியல் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். சர்வருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கைபேசிக்கும் தெரியாது. இரவு முழுவதும் கணினி அணைந்திருக்கும். தடுத்தவரின் மெயில் விடியற்காலை வந்து கைபேசியில் மணியடிக்கும். ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்ததும் அவுட்லுக் அதைக் கண்டுபிடித்து ஜங்க் பெட்டிக்குத் தள்ளும். சற்று நேரத்தில் கைபேசியின் இன்பாக்ஸிலிருந்தும் அது மறைந்துபோகும். "வருகிறது, அப்புறம் காணாமல் போகிறது" என்று யாராவது சொன்னால் அநேகமாக இதுதான் நடக்கிறது.

தண்டர்பேர்டில் தடைப்பட்டியல் என்று தனியாக ஒன்றே கிடையாது. மெயிலை வடிகட்டும் விதி ஒன்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த விதியும் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போதுதான் ஓடும்.

அலுவலகக் கணக்கு மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்ஸ்சேஞ்ச் என்றால் நிலைமை நல்லது. அவுட்லுக்கில் சேர்த்த பட்டியல் சர்வருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தடுப்பதைச் செயலியில் செய்யாமல், உலாவியைத் திறந்து அஞ்சல் சேவையின் சொந்த இணையப் பக்கத்துக்குள் போய்ச் செய்யுங்கள். அங்கே செய்த தடை சர்வரிலேயே இருக்கும். எந்தக் கருவிக்கும் மெயில் போவதற்கு முன்பே ஒதுக்கிவிடும், மணியும் அடிக்காது.

கணினியின் அவுட்லுக்கில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அதில் தடைப்பட்டியலோடு கூடவே 'Safe Senders' என்ற நம்பிக்கைப் பட்டியலும் உண்டு. ஒரே முகவரி இரண்டிலும் இருந்தால் நம்பிக்கைப் பட்டியலே வெல்லும். தொடர்புப் புத்தகத்தில் இருப்பவர்களையும் நம்பு என்று ஒரு கட்டம் அங்கே இருக்கிறது. நான் யாருக்கெல்லாம் மெயில் எழுதுகிறேனோ அவர்களைத் தானாக நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடு என்று இன்னொரு கட்டமும் இருக்கிறது. இந்த இரண்டாவதில் டிக் இருந்து, "தயவுசெய்து இனி எனக்கு மெயில் அனுப்பாதீர்கள்" என்று நீங்கள் கோபமாக ஒரு பதில் எழுதினால் என்ன ஆகும்? பதில் எழுதிய கணமே அந்த முகவரி நம்பிக்கைக்குரியதாகிவிடும். அதற்குமேல் தடைப்பட்டியலில் சேர்த்தும் பயனிருக்காது. இணைப்பை அழுத்தி விலகச் சொல்லாமல் பதில் எழுதித் திட்டுபவர்களுக்கு நேரும் விபத்து இது. 'Junk E-mail Options' என்ற சன்னலைத் திறந்து 'Safe Senders' பக்கத்தில் அந்த முகவரி இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

குழுவழியாக நுழைபவர்

தடுத்தவர் விளம்பரக்காரர் இல்லை, தெரிந்த மனிதர்தான் என்றால் அவர் பெரும்பாலும் குழு மெயில் வழியாகத்தான் மறுபடி நுழைவார். குடியிருப்போர் சங்கம், பழைய மாணவர் சங்கம் போன்றவற்றுக்குக் கூகுள் குரூப்ஸ் முகவரி இருக்கும். சங்கத்தில் சண்டை போட்ட ஒருவரைத் தனியாகத் தடுத்துவிட்டீர்கள். அவர் சங்க முகவரிக்கு எழுதுகிறார். அது உங்களுக்கும் வருகிறது. சில சமயம் 'From' வரியில் அவருடைய முகவரியே இருக்கும், அப்போது தடை வேலை செய்யும். சில சமயம் அவர் பெயரோடு 'via' என்று சேர்ந்து, முகவரி சங்கத்தின் முகவரியாக மாறியிருக்கும். அப்போது தடை வேலை செய்யாது.

இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் டொமைன் பெயரில் வந்து டிமார்க் சோதனையில் தோற்கும் மெயிலை மற்ற சர்வர்கள் மறுத்துவிட வேண்டும் என்று கொள்கை அறிவித்தது. மோசடியைத் தடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் குழு முகவரிகள் எல்லாம் ஒருவர் எழுதியதை வாங்கி, தலைப்பில் குழுப் பெயரையோ அடியில் ஒரு குறிப்பையோ சேர்த்து, தங்கள் சர்வரிலிருந்து அனுப்புபவை. யாஹூ முகவரிக்காரர் குழுவுக்கு எழுதியது எல்லாம் சோதனையில் தோற்றுத் திரும்பிக் குவிந்தது. அதிலிருந்து தப்பக் குழு மென்பொருள்கள் கண்ட வழிதான் 'From' முகவரியைக் குழுவின் முகவரியாக மாற்றிவிட்டு, எழுதியவர் பெயரை மட்டும் முன்னால் வைப்பது. இப்படித் தடைப்பட்டியல் பார்க்கும் இடத்திலிருந்தே எழுதியவரின் முகவரி விலகிப்போனது. இன்றும் எழுதியவரின் சேவை இத்தகைய கடுமையான கொள்கை வைத்திருந்தால் முகவரி மாறும், இல்லாவிட்டால் மாறாது. ஒரே குழுவில் ஒருவரைத் தடுக்க முடிந்து இன்னொருவரைத் தடுக்க முடியாமல் போவதன் காரணம் இதுதான்.

இதற்குச் சங்க முகவரியைத் தடுப்பது தீர்வாகாது. தண்ணீர் வராத அறிவிப்பும் சேர்ந்து போய்விடும். ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் உருவாக்கி 'From' கட்டத்தில் அவர் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதலாம். அந்தக் கட்டம் முகவரியோடு பெயரையும் சேர்த்துத் தேடும், ஆகவே பிடித்துவிடும். அவரே பெயரை மாற்றிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற உறுப்பினர்கள் அவருக்குப் பதில் எழுதும்போது அடியில் ஒட்டி வருகிற அவருடைய வாசகங்களையும் எந்தப் பட்டியலும் தடுக்காது, ஏனென்றால் அனுப்பியவர் பதில் எழுதியவர்தான்.

இனி ஒரு மெயில் மறுபடி வந்தால் எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்கத் தலைப்புப் பகுதியைத் திறக்க வேண்டும். ஜிமெயிலைக் கணினி உலாவியில் திறந்து மெயிலின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் 'Show original' இருக்கும். தண்டர்பேர்டில் Ctrl+U அழுத்தினால் போதும். முதலில் 'From' வரியில் கூர்முனை அடைப்புக்குள் இருக்கும் முகவரியை, உங்கள் தடைப்பட்டியலில் பதிந்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிமெயிலில் அந்தப் பட்டியல் அமைப்புகளில் 'Filters and Blocked Addresses' என்ற இடத்தில் இருக்கிறது. வேறாக இருந்தால் முகவரி மாறிவருகிற வகை, டொமைனைப் பாருங்கள். ஒன்றாகவே இருந்தால் 'Return-Path' வரியைப் பாருங்கள், உங்கள் தடை எந்தக் கருவியில் போடப்பட்டது என்று யோசியுங்கள், அவுட்லுக் என்றால் நம்பிக்கைப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

'List-Unsubscribe' என்ற வரி இருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. நீங்கள் அறிந்த கடை, வங்கி, பத்திரிகை போன்றவற்றின் விளம்பரம் என்றால் தடுப்பதைவிட விலகுவதே மேல். ஜிமெயில் இந்த வரியைப் படித்துத்தான் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் 'Unsubscribe' என்று காட்டுகிறது. மேலே சொன்ன 2024 விதியின்படி மொத்த அனுப்புநர்கள் விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தலில் விலக வழி வைத்து, இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். அனுப்புமிடமே நின்றுவிடுவதால் முகவரி மாறினாலும் கவலையில்லை. முன்பின் தெரியாத கடன்காரரின் மெயிலுக்குள் இருக்கும் விலகல் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். இந்தப் பெட்டியில் ஆள் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிவிப்பதாகிவிடும்.

பெயர், முகவரி, டொமைன் மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறுகிற மெயில் என்றால் தடைப்பட்டியலை மூடிவைத்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே நிலையான எதுவும் இல்லை. அதற்கு 'Report spam' என்ற மற்ற பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். 'Block' உங்கள் பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்ப்பதோடு சரி. 'Report spam' அந்த மெயிலின் நகலைச் சேவைக்கு அனுப்புகிறது. அனுப்பிய சர்வர், உள்ளே இருக்கும் இணைப்புகள், எழுத்து நடை என்று முகவரிக்கு அப்பாற்பட்டவற்றைப் பார்த்து முடிவெடுக்கும் வடிகட்டிக்கு அது போய்ச் சேரும். ஜிமெயிலில் இரண்டு பொத்தான்களும் ஒரே மெனுவில் அடுத்தடுத்து இருக்கின்றன.